இரண்டு சதவிகிதம் அற்பமன்று

கொள்முதல் பில்லுக்குரிய பணத்தைக் கெடுவின் கடைசி நாள்வரை கையில் வைத்திருப்பவனே கெட்டிக்கார வியாபாரி என்றும், முன்கூட்டிக் கொடுத்தால் கழித்துக்கொள்ளலாம் என்று ஆலைக்காரர் சொல்லும் ஒன்றிரண்டு சதவிகிதத்துக்கு ஆசைப்பட்டு ரொக்கத்தைக் கைநழுவ விடுகிறவன் முதலின் அருமை தெரியாதவன் என்றும் ஓர் அபிப்பிராயம் நம் மொத்த வியாபாரிகளிடையே வெகுகாலமாக வேரூன்றியிருக்கிறது. தமிழும் தெலுங்கும் கலந்து பேரம் நடக்கும் சித்தூரின் கடைவீதியிலும், யாத்திரிகர்களுக்கு உணவளிக்கும் ஓட்டல்களுக்கும் சத்திரங்களுக்கும் மளிகை அனுப்பும் திருப்பதியின் மொத்தக் கடைகளிலும் இந்த அபிப்பிராயத்தை அனுபவத்தின் சாரம் என்றே பெரியவர்கள் சிறியவர்களுக்கு உபதேசிக்கிறார்கள். கடை வாழ்க்கையில் நரைத்தவர்கள் சொல்வதை மறுப்பது எளிய காரியமன்று. ஆயினும் கணக்கு வயதைப் பார்ப்பதில்லை. இந்த உபதேசம் கணக்குக்கு விரோதமானது என்பதையும், இதை நம்புகிறவர் ஆண்டுதோறும் தம் லாபத்தில் ஒரு கணிசமான பகுதியைத் தாம் அறியாமலே ஆலைக்குத் திருப்பிக் கொடுத்துவருகிறார் என்பதையும் நிரூபிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்த அபிப்பிராயம் இரண்டு நம்பிக்கைகளின்மேல் நிற்கிறது. சரக்கு கொடுப்பவர் அனுமதிக்கும் முப்பது நாள் தவணை வட்டியில்லாக் கடன் என்பது முதல் நம்பிக்கை. இரண்டு சதவிகிதம் என்பது அற்பத்தொகை, வங்கி வாங்கும் பதினொரு சதவிகித வட்டியோடு ஒப்பிட்டால் ஒரு பொருட்டே அன்று என்பது இரண்டாவது. இவை இரண்டும் தனித்தனிப் பிழைகளல்ல. நாட்களை எண்ணாமல் சதவிகிதத்தை மட்டும் பார்ப்பதால் விளையும் ஒரே பிழையின் இரு முகங்கள்.

விஷயம் தெளிவாக விளங்கும்பொருட்டு ஒரு பில்லை எடுத்துக்கொள்வோம். துவரைக்குப் பெயர்பெற்ற கலபுரகிப் பக்கத்து ஆலை ஒன்றிலிருந்து திருப்பதி வியாபாரி ஒருவர் ஐம்பது கிலோ மூட்டைகளாக நூறு மூட்டை துவரம்பருப்பு வரவழைக்கிறார் என்றும், கிலோ நூறு ரூபாய் விலையில் பில் தொகை 5,00,000 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். இருபத்தைந்து கிலோவுக்கு மேற்பட்ட மூட்டையில் வரும் பருப்புக்கு ஜி.எஸ்.டி. இல்லையாதலால் வரிக்கணக்கின் குறுக்கீடும் இங்கே கிடையாது. பில்லின் அடியில், பத்து நாளுக்குள் பணம் வந்தால் இரண்டு சதவிகிதம் சி.டி., இல்லாவிட்டால் முப்பது நாளில் முழுத்தொகை என்று ஒரு வரி இருக்கிறது. பெரும்பாலோர் மேலோட்டமாகக் கடந்துவிடும் அந்த ஒரு வரியில்தான் நாம் பேசவிருக்கும் விவகாரம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

பத்தாம் நாள் பணம் அனுப்பினால் வியாபாரி கொடுக்கவேண்டியது 4,90,000 ரூபாய். முப்பதாம் நாள்வரை காத்திருந்தால் கொடுக்கவேண்டியது 5,00,000 ரூபாய். முதல் பத்து நாட்களுக்கு எந்த வழியிலும் செலவில்லை. அந்தப் பத்து நாட்கள் உண்மையிலேயே வட்டியில்லாத் தவணைதான். பத்தாம் நாளுக்கும் முப்பதாம் நாளுக்கும் இடையேயுள்ள இருபது நாட்களே விலைக்கு வாங்கப்படுபவை. 4,90,000 ரூபாயை அந்த இருபது நாள் வைத்திருப்பதற்கு வியாபாரி கொடுக்கும் விலை 10,000 ரூபாய். இதை வருஷக் கணக்காக மாற்றுவதற்குப் பெரிய படிப்பு எதுவும் தேவையில்லை. கழிவை, கழிவு போக மிஞ்சும் தொகையால் வகுத்து, ஒரு வருஷத்தில் அப்படிப்பட்ட இருபது நாள் பகுதிகள் எத்தனை உண்டோ அத்தனையால் பெருக்கினால் போதும்:

2 ÷ 98 × 365 ÷ 20 = 0.3724

அதாவது வருஷத்துக்கு 37.24 சதவிகிதம். ஒவ்வொரு பில்லிலும் இப்படியே கழிவை இழந்து, இழந்தது மேலும் மேலும் கூடிவருவதையும் கூட்டுவட்டி முறையில் கணக்கிட்டால் அது 44.59 சதவிகிதமாகிறது. இங்கே 100ஆல் வகுக்காமல் 98ஆல் வகுப்பதற்கும், 30 நாளை எடுக்காமல் 20 நாளை எடுப்பதற்கும் காரணம் உண்டு. வியாபாரி உண்மையில் கையில் பிடித்துவைக்கும் தொகை 98 தான். அதைக் கூடுதலாக வைத்திருக்கும் காலமும் 20 நாள்தான். இந்த இரண்டில் ஒன்றை மறந்தாலும் விடை குறைவாகத் தோன்றி மனிதரை ஏமாற்றிவிடும்.

வருஷ சதவிகிதம் வங்கிக்காரரின் பாஷை; நம் வியாபாரிகளின் பாஷை மாத வட்டி. அந்தப் பாஷையிலேயே சொல்வதானால், 37.24 என்பது நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் பத்துப் பைசா வட்டி. மூன்று வட்டிக்கு மேலே கடன் வாங்க வேண்டும் என்று யாராவது யோசனை சொன்னால் சித்தூரிலோ திருப்பதியிலோ எந்தக் கண்ணியமான வியாபாரியும் அதைத் தம் கடைக்கு வந்த ஆபத்தாகவே கருதுவார். நெருக்கடிக் காலத்திலும் அந்த வட்டிக்குக் கையெழுத்துப் போட அவர் மனம் துணியாது. அதே மனிதர், எந்தக் கையெழுத்தும் போடாமல், யாரிடமும் கைநீட்டாமல், மாதந்தோறும் பருப்பு ஆலையிடமிருந்து மூன்று வட்டிக்கு மேற்பட்ட விகிதத்தில் கடன் வாங்கிக்கொண்டிருக்கிறார். அதற்கு வட்டி என்ற பெயர் பில்லில் எங்கும் எழுதப்படாததால் அவருக்கு அது தெரிவதில்லை.

ஆகவே இந்தக் கழிவை ஆலைக்காரர் தரும் வெகுமதி என்று எண்ணுவதே முதற்பிழை. அந்த நூறு மூட்டைப் பருப்பின் உண்மையான விலை 4,90,000 ரூபாய். பில்லிலுள்ள 5,00,000 ரூபாய் என்பது விலையும் இருபது நாள் வட்டியும் சேர்ந்த தொகை. ஆலைக்காரர் அறுவடைக் காலத்தில் விவசாயிக்கும் தரகருக்கும் உடனுக்குடன் பணம் கொடுத்துத் துவரை வாங்குகிறவர்; அவருக்கும் வங்கிக்கடன் உண்டு; பணம் விரைவில் திரும்பினால்தான் அடுத்த கொள்முதலுக்கு அவர் ஓட முடியும். தாமதித்துக் கொடுப்பவரிடம் அந்தத் தாமதத்தின் விலையை வசூலிப்பதும், உடனே கொடுப்பவரிடம் அதை வசூலிக்காமல் விடுவதும் அவருக்கு நியாயமே. இதில் கண்டிக்கத்தக்கது ஆலைக்காரர் செய்கையன்று, அந்த விலையைப் பார்க்க மறுக்கும் நம் பழக்கம்.

காலத்துக்கு விலை உண்டு என்ற இந்தக் கணக்கு ஏதோ மேல்நாட்டுப் புத்தகங்களிலிருந்து வந்த புதுமை என்று யாரும் நினைக்கவேண்டாம். பர்மாவில் தொழில் நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் ரங்கூனில் மாதந்தோறும் கூடி, தங்களுக்குள் கொடுக்கல் வாங்கலுக்குரிய நடப்பு வட்டியை நிர்ணயித்து, அதன்படி கணக்கு எழுதினார்கள். ஒரு தொகை ஒருவர் கையில் இருக்கும் காலத்துக்கு ஒரு விலை உண்டு என்பது அவர்கள் ஐந்தொகையின் அடிப்படையாக இருந்தது. அப்படிப்பட்ட பாரம்பரியம் உள்ள சமூகத்தில், கெடுவின் கடைசி நாள்வரை இழுப்பதே சாமர்த்தியம் என்ற எண்ணம் எப்படிப் பரவியது என்பது யோசிக்கத்தக்கது.

இனி, வங்கியின் பதினொரு சதவிகிதத்தோடு இந்த இரண்டு சதவிகிதத்தை ஒப்பிடும் வாதத்தைப் பார்ப்போம். பதினொன்று என்பது ஒரு வருஷத்துக்கு. இரண்டு என்பது இருபது நாளுக்கு. வெவ்வேறு காலத்துக்குரிய இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது சிறிது என்று கேட்பது அர்த்தமற்ற கேள்வி. நம் திருப்பதி வியாபாரிக்கு வங்கியில் பதினொரு சதவிகித வட்டியில் கேஷ் கிரெடிட் இருக்கிறது என்று கொண்டால், பத்தாம் நாள் அதிலிருந்து 4,90,000 ரூபாயை எடுத்து ஆலைக்கு அனுப்பி, முப்பதாம் நாள் வசூல் வந்ததும் அதை அடைத்துவிட்டால், இருபது நாளுக்கு வங்கிக்குப் போகும் வட்டி 2,953 ரூபாய். மிச்சமாகும் கழிவு 10,000 ரூபாய். ஒரு பில்லில், ஒரே ஒரு பணப்பரிமாற்றத்தில், கடையில் ஒரு மூட்டைகூடக் கூடுதலாக விற்காமல், 7,047 ரூபாய் நிகர லாபம். மாதம் ஒரு பில் வீதம் பன்னிரண்டு பில்களுக்கு இது 84,500 ரூபாய்க்கு மேல் ஆகிறது. கிலோவுக்கு ஐம்பது பைசா கூட்டிக் கேட்டால் ஓட்டல்காரரோடு அரைமணி நேரம் வாதிட வேண்டிய வியாபாரத்தில், கிலோவுக்கு ஒரு ரூபாய் நாற்பது பைசா நிகரமாகக் கிடைக்கும் இந்த வழியை அற்பம் என்று ஒதுக்குவதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

இதற்கு எதிராகச் சொல்லப்படும் ஆக்ஷேபங்களில் சில கவனிக்கத்தக்கவை. அவற்றுக்கு நேர்மையாகச் சமாதானம் சொல்வது கடமை.

“எனக்கு வசூல் வருவதே நாற்பது நாளில்தான், நான் எப்படிப் பத்து நாளில் கொடுப்பது?” என்பது முதல் ஆக்ஷேபம். ஓட்டல்களும் சத்திரங்களும் தாமதித்துக் கொடுப்பது உண்மை. ஆனால் அந்தத் தாமதம், வியாபாரி ஆலைக்குப் பத்தாம் நாள் கொடுத்தாலும் முப்பதாம் நாள் கொடுத்தாலும் மாறப்போவதில்லை. இரண்டு நிலையிலும் இடைக்காலத்துக்கு யாரிடமாவது கடன் வாங்கியே ஆகவேண்டும். கேள்வி அந்தக் கடனைப் பதினொரு சதவிகிதத்தில் வங்கியிடம் வாங்குவதா, முப்பத்தேழு சதவிகிதத்தில் ஆலையிடம் வாங்குவதா என்பதுதான்.

வங்கியில் வரம்பு தீர்ந்துவிட்டது என்று சொல்வோரும் உண்டு. அவர்கள் தங்கள் மாதாந்தர ஸ்டாக் ஸ்டேட்மெண்டை ஒருமுறை எடுத்துப் பார்க்கவேண்டும். எடுக்கத்தக்க தொகையை, அதாவது டிராயிங் பவரைக் கணக்கிடும்போது வங்கி, கடையிலுள்ள சரக்கின் மதிப்பிலிருந்து சரக்குக்காகக் கொடுக்கவேண்டிய பாக்கியைக் கழித்துவிட்டு, மிஞ்சியதில் மார்ஜின் போக எஞ்சியதையே அனுமதிக்கிறது. மார்ஜின் பெரும்பாலும் கால்பங்கு. பணம் கொடுக்காத நூறு மூட்டையால் டிராயிங் பவருக்கு ஒரு ரூபாய்கூடச் சேர்வதில்லை. அதே மூட்டைகளுக்குப் பணம் கொடுத்துவிட்டால் பாக்கி நீங்கி, 4,90,000 ரூபாய்ச் சரக்கின்மேல் 3,67,500 ரூபாய் வரை டிராயிங் பவர் கூடுகிறது. வியாபாரி தம் சொந்தக் கையிலிருந்து போடவேண்டியது 1,22,500 ரூபாயே. அனுமதிக்கப்பட்ட மொத்த வரம்பை இதனால் தாண்டிவிட முடியாது என்பதும், அடுத்த ஸ்டேட்மெண்ட் கொடுத்த பிறகே கூடுதல் கணக்கில் ஏறும் என்பதும் உண்மை. ஆகையால் முதல் பில்லுக்கு மட்டும் சற்றுக் கஷ்டமாக இருக்கும். ஒரு மாதம் தாண்டிவிட்டால் சுழற்சி தானே நடக்கும்.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்லவேண்டும். வங்கிக் கடன் கிடைக்காதபோது தனியாரிடம் இரண்டு வட்டிக்கு வாங்கிக் கழிவைப் பெறலாமா என்று கேட்பவர்கள், காகிதக் கணக்கில் அது லாபமாகத் தோன்றுவதைக் கண்டு ஏமாறக்கூடாது. இரண்டு வட்டி வருஷத்துக்கு இருபத்துநான்கு சதவிகிதம். இருபது நாளுக்கு நாள்கணக்கில் பார்த்தால் 6,444 ரூபாய்தான். ஆனால் தனியார் கடன் கொடுப்பவர் நாள்கணக்குப் பார்ப்பதில்லை. இருபது நாளில் திருப்பினாலும் முழு மாதத்துக்கும் வட்டி வாங்குவார். அப்போது 9,800 ரூபாய் வட்டிக்குப் போய், பத்தாயிரம் ரூபாய்க் கழிவில் இருநூறு ரூபாயே மிஞ்சும். மூன்று வட்டியானால் 4,700 ரூபாய் நஷ்டம். ஆகவே விகிதத்தை மட்டும் பார்த்தால் போதாது. கடன் நாள்வாரியாக ஏறுகிறதா, மாதவாரியாக ஏறுகிறதா என்பதையும் பார்க்கவேண்டும். அன்றன்றைய பாக்கியின்மேல் வட்டி கணக்கிடும் கேஷ் கிரெடிட்டும் ஓவர்டிராப்டும் இதற்கு ஏற்றவை. மாதவட்டிக் கடன் ஏற்றதன்று.

இரண்டாவது ஆக்ஷேபம் இன்னும் வலுவானது. “முப்பது நாள் என்பது காகிதத்தில்தான், நாங்கள் அறுபது, எழுபது நாளில்தான் கொடுக்கிறோம், ஆலைக்காரர் வாய்திறப்பதில்லை” என்பார்கள். கணக்கு இதற்குச் சாதகமாக ஓரளவு நகர்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அறுபதாம் நாள் கொடுத்தால் கழிவை இழப்பதன் விலை 14.90 சதவிகிதமாகவும், தொண்ணூறாம் நாள் கொடுத்தால் 9.31 சதவிகிதமாகவும் குறைகிறது. பதினொரு சதவிகித வங்கிக் கடனுக்குச் சமமாகும் இடம், கழிவுக்கெடு முடிந்து அறுபத்தெட்டாம் நாள். அதாவது பில் தேதியிலிருந்து எழுபத்தெட்டாம் நாள். அதற்குப் பிறகும் தண்டனையின்றி இழுக்க முடிந்தால், காத்திருப்பதே மலிவு என்று கணக்கு சொல்லும்.

ஆனால் தண்டனையின்றி இழுக்க முடியுமா? ஆலை குறுந்தொழிலாகவோ சிறுதொழிலாகவோ பதிவு செய்யப்பட்டதானால், 2006ஆம் வருஷத்து குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டம் குறுக்கே நிற்கிறது. எழுத்துமூல ஒப்பந்தம் இல்லையானால் சரக்கை ஏற்ற நாளிலிருந்து பதினைந்து நாள், ஒப்பந்தம் இருந்தால் அதிலுள்ள கெடு, ஆனால் எக்காரணம் கொண்டும் நாற்பத்தைந்து நாளுக்கு மேற்படாமல் பணம் கொடுக்கவேண்டும் என்பது அதன் விதி. தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு விகிதத்தில், மாதந்தோறும் கூட்டப்படும் வட்டி சேரும். அந்த வட்டியை வருமானவரிக் கணக்கில் செலவாகக் காட்டவும் முடியாது. இதோடு 2023ஆம் வருஷத்து நிதிச் சட்டம் சேர்த்த விதியின்படி, அந்தக் கெடுவுக்குள் கொடுக்கப்படாத கொள்முதல் தொகையையே, பணம் கொடுத்த வருஷத்தில்தான் செலவாகக் கழிக்க அனுமதி. மார்ச் முடிவில் பெரிய பாக்கி நின்றால், ஈட்டாத லாபத்துக்கு வரி கட்டும் நிலை வரும். சரக்கு கொடுப்பவர் உற்பத்தியாளரன்றி வெறும் வியாபாரியாக இருந்தால் இந்தப் பாதுகாப்பு அவருக்குப் பெரும்பாலும் கிடையாது என்பதும் உண்மை. ஆனால் பருப்பை உடைத்துத் தரும் ஆலை உற்பத்தியாளர்தான். ஆகவே அதிகபட்சமாக நாற்பத்தைந்து நாள் வரை இழுத்தாலும், கழிவை இழப்பதன் விலை 21.28 சதவிகிதம், அது வங்கி வட்டியைப்போல் ஏறத்தாழ இரட்டிப்பு. சட்டத்துக்குள் நின்று இழுக்கும் எவருக்கும் இந்த ஆக்ஷேபம் உதவாது. சட்டத்தைத் தாண்டி இழுப்பவரோ, பில்லில் தெரியாத வேறொரு விலையையும் கொடுக்கிறார். புரட்டாசி பிரம்மோற்சவத்துக்கு முன் பருப்புக்குத் தட்டுப்பாடு வரும்போது முதல் லாரி யாருக்குப் போகும் என்பதை ஆலைக்காரரின் பேரேடே தீர்மானிக்கிறது.

“பணத்தைக் கையில் வைத்திருந்தால்தான் சரக்கில் குறை இருந்தால் கேட்க முடியும்” என்பது மூன்றாவது ஆக்ஷேபம். இது நியாயமான கவலை; ஆனால் இதற்கு மருந்து முப்பது நாள் காத்திருப்பதன்று, பத்து நாளை எங்கிருந்து எண்ணுவது என்பதைப் பேசி முடிவு செய்வது. பில் தேதியிலிருந்து எண்ணினால் லாரி வழியிலிருக்கும் நாட்களும் அதில் கரைந்துபோகும்; சரக்கு கடைக்கு வந்த நாளிலிருந்து எண்ணவேண்டும் என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டால், எடைமேடையில் நிறுக்கவும், நாலைந்து மூட்டைகளைப் பிரித்து ஈரப்பதமும் நொறுங்கலும் வண்டுப்பூச்சியும் பார்க்கவும் அந்தப் பத்து நாள் தாராளமாகப் போதும். பருப்பின் குறை முதல் நாளிலேயே தெரிவது. முப்பதாம் நாள் புதிதாகக் கண்டுபிடிப்பதற்கு எதுவும் இருப்பதில்லை. அதையும் மீறிப் பின்னால் ஏதாவது தெரிந்தால், அடுத்த பில்லில் டெபிட் நோட்டாகக் கழித்துக்கொள்ளும் வழி தொடர்ந்து சரக்கு வாங்குகிறவருக்கு எப்போதும் திறந்தே இருக்கிறது.

நான்காவதாக, “அந்த நாலு லட்சத்துத் தொண்ணூறாயிரத்தைக் கையில் வைத்து இன்னொரு லாரி சரக்கு வாங்கினால் அதைவிட அதிகம் சம்பாதிப்பேன்” என்பார்கள். முதலுக்கு உண்மையான தட்டுப்பாடு இருந்து, கூடுதலாக வாங்கும் சரக்கு மாதம் மூன்று சதவிகிதத்துக்கு மேல் நிகரமாக ஈட்டும் என்பது நிச்சயமானால், இந்த வாதம் செல்லும். அப்போது கழிவை விட்டுவிடுவதே சரி. ஆனால் இதைச் சொல்வோர் பெரும்பாலும் தம் வழக்கமான சரக்கு சுழலும் வேகத்தையே கூடுதல் சரக்குக்கும் கற்பித்துக்கொள்கிறார்கள். கடையில் மாதம் நூறு மூட்டை விற்கும் வியாபாரி இருநூறு மூட்டை வாங்கிவைத்தால், இரண்டாவது நூறு அதே மாதத்தில் விற்பதில்லை. அது கோடவுனில் உட்கார்ந்து, வாடகையும் புழுதியும் எடைக்குறைவும் ஏற்று, விலை இறங்கினால் நஷ்டத்தையும் ஏற்கிறது. பிரம்மோற்சவத்துக்கு முன் சில வாரங்களில் இது உண்மையாகவே லாபம் தரலாம். மீதியுள்ள மாதங்களுக்கு அதையே பிரமாணமாகக் கொள்ள முடியாது.

இவ்வளவும் சொன்ன பிறகு, எல்லாக் கழிவையும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளவேண்டும் என்று நான் சொல்வதாக யாரும் கருதலாகாது. கடைசி நாளை வணங்குவது எப்படிப் பிழையோ, கழிவு என்ற சொல்லைக் கண்டதும் பணத்தை நீட்டுவதும் அப்படியே பிழைதான். பத்து நாளுக்குள் கொடுத்தால் ஒரு சதவிகிதம், இல்லையேல் முப்பது நாள் என்றால், விலை 18.43 சதவிகிதம், எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அரை சதவிகிதம் என்றால் 9.17 தான், பதினொரு சதவிகிதத்தில் கடன் வாங்கி அதைப் பெறுவது நஷ்டம். ஏழு நாளில் ஒரு சதவிகிதம், இல்லையேல் நாற்பத்தைந்து நாள் என்றால் 9.70, அதையும் விட்டுவிடவேண்டியதுதான். வரியுள்ள சரக்கில் இன்னொரு நுட்பம் உண்டு. பதினெட்டு சதவிகித வரியுள்ள பெயின்ட் போன்ற சரக்கில் கழிவு பெரும்பாலும் வரிக்கு முந்தைய மதிப்பின்மேல்தான் கிடைக்கும். ஆனால் முன்கூட்டிக் கொடுக்கவேண்டியதோ வரியும் சேர்ந்த தொகை. ஒரு லட்ச ரூபாய் மதிப்புக்கு 1,18,000 ரூபாய்ப் பில். இரண்டாயிரம் கழிவுக்காக 1,16,000 ரூபாயை இருபது நாள் முன்னே கொடுக்கவேண்டும். ஆகவே அங்கே விலை 37.24 அன்று, 31.47 சதவிகிதம்தான். கிரெடிட் நோட்டில் வரியையும் சேர்த்துக் குறைத்துக் கொடுத்தார்களானால், அந்த அளவுக்கு உள்ளீட்டு வரி வரவைத் திருப்பவேண்டும் என்பதையும் கணக்காளர் மறக்கக்கூடாது. அந்தச் சிறு குறைப்பை லாபமாக எழுதிவிட்டால் பிறகு வரித்துறையிடம் பதில் சொல்லவேண்டியிருக்கும்.

ஒவ்வொரு பில்லுக்கும் இந்த வகுத்தல் பெருக்கலைச் செய்ய நேரமில்லாதவருக்கு ஒரே விதியைச் சொல்கிறேன். தம் வங்கி வட்டியை வைத்து, ஒவ்வொரு கழிவு விகிதமும் எத்தனை நாள் இடைவெளிக்குச் சமம் என்பதை ஒருமுறை கண்டு எழுதிவைத்துக்கொள்ளட்டும். பதினொரு சதவிகித வட்டியில் இரண்டு சதவிகிதக் கழிவு அறுபத்தெட்டு நாளுக்கும், ஒரு சதவிகிதக் கழிவு முப்பத்துநான்கு நாளுக்கும் சமம். கழிவுக்கெடுவுக்கும் தாம் உண்மையில் பணம் கொடுக்கும் நாளுக்கும் உள்ள இடைவெளி இதைவிடக் குறைவானால் முன்னே கொடுப்பது லாபம். அதிகமானால் கொடுக்காதிருப்பது லாபம். வட்டி மாறினால் இந்த எண்களை மட்டும் திருத்தினால் போதும்.

எடுத்துக்கொள்வது என்று தீர்மானித்தால், எடுத்துக்கொள்ளும் முறையிலும் ஒழுங்கு வேண்டும். கொடுக்கவேண்டிய நாள் பத்தாம் நாளே, முதல் நாளன்று. பத்து நாளின் இலவசத் தவணையை விட்டுக்கொடுப்பதில் எந்தப் பெருந்தன்மையும் இல்லை. பத்தாம் நாள் செக் கொடுத்துவிட்டுத் தம் கடமை முடிந்ததென்று இருப்பவர், அது கிளியரிங்கில் தாமதித்து ஆலைக் கணக்கில் பன்னிரண்டாம் நாள் ஏறினால் கழிவை இழக்கலாம், ஆர்.டி.ஜி.எஸ். மூலம் அனுப்புவதே நிச்சயமானது. பத்தாம் நாள் தவறிவிட்டால் பதினைந்தாம் நாளோ இருபதாம் நாளோ கொடுப்பதில் எந்தப் பயனும் இல்லை; கழிவும் போய், தவணையும் போகும். அப்போது முப்பதாம் நாள்வரை வைத்திருப்பதே சரி. கெடு தவறிய பிறகும் கழிவைப் பிடித்துக்கொண்டு குறைத்து அனுப்பும் பழக்கத்தை அறவே விட்டுவிடவேண்டும். அது கணக்கின்படியும் தவறு, நாணயத்தின்படியும் தவறு.

பத்து நாளில் இரண்டு, முப்பது நாளில் முழுமை என்ற நிபந்தனையில், நாள்வாரி வட்டியில் வங்கி வரம்பு உள்ள மொத்த வியாபாரி கழிவை விட்டுவிடுவதற்குச் சாதாரண காலத்தில் எந்த நியாயமும் இல்லை என்பதே என் முடிவு. சித்தூரிலும் திருப்பதியிலும் கணக்குப் புத்தகம் வைத்திருக்கும் ஒவ்வொரு வியாபாரியும் கடந்த வருஷத்துக் கொள்முதல் பில்களை எடுத்து, விட்டுப்போன கழிவு எவ்வளவு என்று ஒரு மாலைப்பொழுதில் கூட்டிப் பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கூட்டுத்தொகை, அவர் அந்த வருஷம் வங்கிக்குக் கட்டிய வட்டியைவிடப் பெரிதாக இருந்தால், வெகுகாலமாகக் கெட்டிக்காரத்தனம் என்று போற்றிவந்த வழக்கத்தை அவர் அன்றே மாற்றிக்கொள்ளவேண்டும்.